கரடுமுரடான கல்லின் அடர்த்தி: தண்ணீரில் தொங்கவிட்டு அளப்பது எப்படி

ஜல்லிக்கல் ஒன்றின் அடர்த்தி வேண்டுமென்றால் இரண்டு எண்கள் தேவை: நிறை, கனஅளவு. நிறையைத் தராசு சொல்லிவிடும். கனஅளவுக்குத்தான் வழி தேட வேண்டும், ஏனென்றால் அந்தக் கல்லுக்கு நீளம் அகலம் உயரம் என்று எதையும் ஸ்கேல் வைத்து எடுக்க முடியாது. தண்ணீரில் முழுதாக மூழ்கிய பொருள் தன் கனஅளவுக்குச் சரியாகச் சமமான தண்ணீரை விலக்கும். அந்தத் தண்ணீரை அளந்தால் கல்லை அளந்த மாதிரி. இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அளவுசாடியில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கலாம். விளிம்புவரை நிரப்பிய பாத்திரத்திலிருந்து வழிவதைப் பிடித்து அளக்கலாம். அல்லது தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துவிட்டு, கல்லை நூலில் கட்டி அதற்குள் தொங்கவிடலாம். முதல் இரண்டும் பாடப்புத்தகத்தில் வருபவை. மூன்றாவதுதான் வீட்டுத் தராசை வைத்தே நல்ல விடை தருவது. ஆனாலும் அளவுசாடியிலிருந்தே தொடங்குவோம். அது எங்கே தோற்கிறது என்று தெரிந்தால்தான் மூன்றாவதன் அருமை தெரியும்.

எடுத்துக்காட்டுக்கு, கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடக்கும் 40 மி.மீ. ஜல்லியில் கொஞ்சம் நீளவாக்கில் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் கல்லைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் சிமென்ட் தூசி தண்ணீரைக் கலங்கடிப்பதோடு காற்றையும் பிடித்து வைக்கும். பிறகு வெயிலில் நன்றாகக் காயவிட்டு, காய்ந்த நிலையிலேயே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிறை முதலில், தண்ணீர் அப்புறம். வரிசையை மாற்றினால் கல்லின் மேடுபள்ளங்களில் தங்கிய ஈரமும் சேர்ந்து தராசில் ஏறும். நம் கல்லின் நிறை 68.4 கிராம்.

அளவுசாடி முறை

இந்தக் கல் 100 மி.லி. சாடியின் வாய்க்குள் நுழையாது. 250 மி.லி. சாடிதான் வேண்டும். சாடியைச் சமதளத்தில் வைத்து, கல் முழுதாக மூழ்கும் அளவுக்கு, ஏறக்குறைய பாதிவரை தண்ணீர் ஊற்றுங்கள். கல் போட்ட பிறகும் மட்டம் கடைசிக் கோட்டைத் தாண்டாதபடி இடம் இருக்க வேண்டும். கண்ணாடிச் சாடியில் தண்ணீரின் மேற்பரப்பு ஓரங்களில் மேலேறி நடுவில் குழிந்திருக்கும்; அந்தக் குழியின் அடிப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. பிளாஸ்டிக் சாடியில் பரப்பு பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதலாம். கண் தண்ணீர் மட்டத்துக்கு நேராக வரும்படி குனிந்து பாருங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும். இதைத்தான் இடமாறு தோற்றப் பிழை என்று வகுப்பில் சொல்வார்கள்.

கல்லை நூலில் கட்டி இறக்குங்கள், அல்லது சாடியைச் சாய்த்து உள்சுவரோடு சறுக்க விடுங்கள். மேலிருந்து போட்டால் கண்ணாடிச் சாடியின் அடி உடையும். உடையாவிட்டாலும் நாலு சொட்டு மேல்சுவரில் தெறித்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும், மட்டத்துக்கு வராது.

முன்பு 120 மி.லி., பின்பு 146 மி.லி. என்றால் கனஅளவு 26 மி.லி., அதாவது 26 கன செ.மீ. அடர்த்தி 68.4 ÷ 26 = 2.63 கிராம்/கன செ.மீ. கிரானைட்டுக்கு ஏற்ற எண்தான் வந்திருக்கிறது. ஆனால் அதை நம்பலாமா?

பெரும்பாலான 250 மி.லி. சாடிகளில் கோடுகள் 2 மி.லி.க்கு ஒன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் 1 மி.லி. இப்படியோ அப்படியோ போகலாம். இரண்டு முறை பார்க்கிறோம். இரண்டு பிழையும் எதிரெதிர்ப் பக்கம் விழுந்தால் வித்தியாசம் 24 ஆகவும் இருக்கலாம், 28 ஆகவும் இருக்கலாம். 24 என்றால் அடர்த்தி 2.85, 28 என்றால் 2.44. கிரானைட்டிலிருந்து அதைவிடக் கனமான, கருத்த எரிமலைப் பாறைவரை எல்லாம் இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். தராசு 68.4 என்று தசமம்வரை சொன்னது இங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

இது கவனக்குறைவால் வரும் பிழையில்லை, சாடியின் அகலத்தால் வருவது. கல் நுழைய அகலமான சாடி வேண்டும். சாடி அகலமாக ஆக, அதே 1 மி.லி. ஏறும் உயரம் குறையும். 250 மி.லி. சாடியின் உள்விட்டம் ஏறக்குறைய 4 செ.மீ.; அதில் 1 மி.லி. என்பது ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இல்லை. ஆர்க்கிமிடீஸ் கிரீடக் கதையையே இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கிரீடத்தில் 300 கிராம் வெள்ளி கலந்திருந்தால், சுத்தத் தங்கத்தைவிட அது சுமார் 13 மி.லி. கூடுதலாகத் தண்ணீரை விலக்கும். 20 செ.மீ. அகலமுள்ள பாத்திரத்தில் அந்த 13 மி.லி. மட்டத்தை உயர்த்துவது வெறும் 0.4 மி.மீ. அண்டாவில் அமிழ்த்தித் திருட்டைக் கண்டுபிடித்தார் என்பது அவ்வளவு சுலபமாக நடந்திருக்காது. 1586-இல் கலிலியோ இதே சந்தேகத்தை எழுப்பி, ஆர்க்கிமிடீஸ் தண்ணீருக்குள் தொங்கவிட்டுத்தான் நிறுத்திருப்பார் என்று எழுதினார்.

வழியும் பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாடிக்குள் நுழையாத பெரிய பொருளுக்கு அது வசதிதான். ஆனால் மூக்கின் நுனியில் தண்ணீர் உப்பி நிற்கும். எப்போது வழியத் தொடங்கும், எந்தச் சொட்டோடு நிற்கும் என்பது தடவைக்குத் தடவை மாறும். ஒரு மி.லி.க்கு ஏறக்குறைய 20 சொட்டு என்பதால், பெரிய பொருளில் இது தெரியாது, சின்னதில் விடையைக் கெடுத்துவிடும். இந்த முறையைப் பயன்படுத்தினால், முதலில் நிரம்ப ஊற்றிச் சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். பொருளை மெதுவாக இறக்குங்கள். வழிந்ததைச் சாடியில் ஊற்றி அளக்காமல், காய்ந்த டம்ளரில் பிடித்து நிறுங்கள்.

தராசில் தொங்கவிடும் முறை

தேவையானவை: 0.1 கிராம்வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு பிளாஸ்டிக் டம்ளர், தூண்டில் நரம்பு அல்லது மெல்லிய நைலான் நூல், நூலை மேலிருந்து தாங்க ஏதாவது ஒன்று. அடுத்தடுத்து அடுக்கிய புத்தகங்களின் மேல் ஒரு குச்சியை நீட்டி வைத்தாலும் போதும். குச்சியும் அதைத் தாங்குவதும் தராசைத் தொடக் கூடாது. கையில் பிடித்தும் செய்யலாம், ஆனால் கை நடுங்கினால் எண் ஆடிக்கொண்டே இருக்கும்.

டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வையுங்கள். டம்ளர், தண்ணீர், அதோடு கல் விலக்கும் தண்ணீரின் எடை எல்லாம் சேர்ந்து தராசின் உச்ச வரம்பைத் தாண்டக் கூடாது. தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு, நூலில் கட்டிய கல்லைத் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. கல் தொங்கும்போது தராசு காட்டும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். நம் கல்லுக்கு அது 25.5 கிராம்.

கல்லை நூல்தானே தாங்குகிறது, தராசில் ஏன் எடை கூட வேண்டும் என்று கேட்கலாம். தண்ணீர் கல்லை மேல்நோக்கித் தள்ளுகிறது. விலக்கப்பட்ட தண்ணீரின் எடைக்குச் சமமான விசை அது. தண்ணீர் கல்லை மேலே தள்ளினால், கல்லும் தண்ணீரை அதே விசையோடு கீழே தள்ளும். தராசுக்குத் தெரிவது அந்தத் தள்ளல் மட்டுமே. கல்லின் மீதி எடையை நூல் தாங்கிக்கொள்கிறது. ஆகவே தராசில் கூடிய 25.5 கிராம் என்பது விலக்கப்பட்ட தண்ணீரின் நிறை. தண்ணீர் மி.லி.க்கு 1 கிராம் என்று வைத்தால் கனஅளவு 25.5 மி.லி. டம்ளர் எவ்வளவு அகலம் என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை.

சரியாகப் பார்த்தால் தண்ணீர் 1 கிராமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில்தான். 20 டிகிரியில் 0.998, 30 டிகிரியில் 0.9957, 35 டிகிரியில் 0.994. சென்னைக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி என்று எடுத்துக்கொண்டால், கனஅளவு 25.5 ÷ 0.9957 = 25.6 மி.லி. அடர்த்தி 68.4 ÷ 25.6 = 2.67 கிராம்/கன செ.மீ. கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வேண்டுமானால் ஆயிரத்தால் பெருக்குங்கள்: 2,670. தராசு 0.1 கிராம் தவறினாலும் விடை 2.66-க்கும் 2.68-க்கும் இடையில்தான் நிற்கும். இப்போது இது கிரானைட் அடர்த்தி என்று தைரியமாகச் சொல்லலாம். அதில் உள்ள குவார்ட்ஸ் 2.65, மற்றக் கனிமங்களும் அதை ஒட்டியே வருபவை. வெப்பத் திருத்தத்தை விட்டுவிட்டாலும் அரை சதவீதத்துக்கு மேல் போகாது. சமையலறைத் தராசில் 1 கிராம்வரைதான் தெரியும் என்றால் அதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம். பதிலுக்குக் கல்லைப் பெரிதாக எடுங்கள். அரைக் கிலோ கல் சுமார் 187 மி.லி. விலக்கும், அதில் 1 கிராம் என்பது அரை சதவீதம்தான்.

எண் தப்பாக வந்தால்

இந்த முறையில் கெடுவது பெரும்பாலும் நான்கு இடங்களில்தான்.

கல் அடியைத் தொட்டுவிட்டது. இது உடனே தெரியும்: 25 காட்ட வேண்டிய இடத்தில் 40, 60 என்று ஏறும். முழுதாக உட்கார்ந்துவிட்டால் கல்லின் முழு நிறையான 68.4-ஐயே காட்டும். பக்கச்சுவரில் லேசாக உரசினால் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. எண் நிலைக்காமல் தடுமாறும். டம்ளரைச் சற்று நகர்த்திப் பாருங்கள்.

கல்லில் குமிழி ஒட்டியிருக்கிறது. குமிழியும் தண்ணீரை விலக்கும் என்பதால் கனஅளவு கூடும், அடர்த்தி குறையும். 5 மி.மீ. குமிழி ஒன்று 0.065 மி.லி.; நம் கல்லில் அது பெரிய விஷயமில்லை. ஆனால் 5 மி.லி. பித்தளைத் துண்டில் அதுபோல நாலைந்து இருந்தால் ஐந்து சதவீதம் போய்விடும். கல்லை முதலில் தனியாக ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் அமிழ்த்தி ஆட்டி எடுத்து, ஈரத்தோடே தொங்கவிட்டால் குமிழிகள் குறையும். நிறைதான் ஏற்கெனவே எடுத்தாயிற்றே, ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை. பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு தண்ணீரில் விட்டால் கல் நன்றாக நனையும். கலக்கி நுரை வரவிடாதீர்கள். குழாயிலிருந்து அப்போதுதான் பிடித்த தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, சிறிது நேரத்தில் பொடிக் குமிழியாகக் கல்லின் மேல் அரும்பும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை.

தண்ணீர் சிந்திவிட்டது. பூஜ்யமாக்குவதற்கு முன் சிந்தினால் கவலையில்லை. அதற்குப் பின் ஒரு சொட்டு டம்ளருக்கு வெளியே போனாலும் அந்த அளவு எண் குறையும். சோதிக்க வழி எளிது: எண்ணை எழுதிய பிறகு கல்லை வெளியே எடுத்து, அதில் ஒட்டிய தண்ணீரை டம்ளருக்குள்ளேயே சொட்டவிட்டு, தராசு பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். கல்லோடு போன ஈரத்தால் கொஞ்சம் மைனஸில் நிற்கும், அது இயல்பு. மைனஸ் 1 அல்லது 2 கிராம் என்றால் எங்கோ சிந்தியிருக்கிறது. முன்பே ஈரமாக்கிய கல் என்றால், அது கொண்டுவந்த ஈரமும் பூஜ்யத்தைச் சற்று மேலே தள்ளும். அதனால் இறக்குவதற்கு முன் நன்றாக உதறிவிடுங்கள்.

நாலாவது தராசின் சேட்டை. பல டிஜிட்டல் தராசுகள் பூஜ்யத்தின் அருகே மிக மெதுவாக வரும் சின்ன மாற்றத்தைத் தாமாகவே பூஜ்யமாக்கிவிடும். கல்லை அங்குலம் அங்குலமாக இறக்கினால் முதல் பங்கு எடையைத் தராசு விழுங்கிவிடும். சட்டென்று, ஆனால் தெறிக்காமல் இறக்குங்கள். அல்லது பூஜ்யமாக்கவே வேண்டாம். டம்ளரும் தண்ணீரும் சேர்ந்த எண்ணை எழுதிவைத்துப் பிறகு கழித்துக்கொள்ளலாம். ஒரு நிமிடத்தில் தானாக அணைந்துபோகும் தராசுக்கும் இதுவே மருந்து.

முறை சரியாக வருகிறதா என்று பார்க்க, கனஅளவு முன்கூட்டியே தெரிந்த ஒன்றை அளந்து பாருங்கள். 25 மி.மீ. விட்டமுள்ள பேரிங் குண்டின் கனஅளவு கணக்குப்படி 8.18 மி.லி. குண்டைத் தொங்கவிடக் கட்ட முடியாது, சின்ன வலைப்பையில் போட வேண்டும். வலையை மட்டும் ஒருமுறை அமிழ்த்தி அதன் எண்ணைக் கழித்துவிடுங்கள். கோலிக்குண்டு மாதிரிச் சிறியவற்றை ஒவ்வொன்றாக அளக்காதீர்கள். பத்தைச் சேர்த்து வலையில் போட்டு அளந்து பத்தால் வகுத்தால் பிழையும் பத்தில் ஒன்றாகும்.

மிதப்பவை, கரைபவை, உறிஞ்சுபவை

மிதக்கும் பொருளை, மெழுகுத் துண்டு என்று வைத்துக்கொள்வோம், சும்மா தண்ணீரில் போட்டால் தராசு அதன் நிறையைத்தான் காட்டும். ஒரு மெல்லிய ஊசியால் குத்தி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே போகும்வரை அழுத்திப் பிடியுங்கள். இப்போது எண் கூடும். அந்தக் கூடிய எண்தான் முழுக் கனஅளவு விலக்கிய தண்ணீரின் நிறை. கை எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கணக்கில் கழிக்க வேண்டியதில்லை. விரலால் மட்டும் அழுத்தாதீர்கள், விரல் நுனியும் தண்ணீரை விலக்கும். 21.6 கிராம் மெழுகை அமிழ்த்தியபோது 23.9 கிராம் காட்டினால், கனஅளவு 24.0 மி.லி., அடர்த்தி 0.90.

செங்கல் துண்டை அமிழ்த்தினால் எண் நிற்கவே நிற்காது. துளைகளுக்குள் தண்ணீர் புகப் புக, செங்கல் விலக்கும் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். குமிழிகள் மேலே வருவதையும் பார்க்கலாம். இங்கே எந்தக் கனஅளவு வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். துளைகளையும் சேர்த்த வெளிக் கனஅளவு வேண்டுமென்றால், காய்ந்த நிறையை எடுத்துக்கொண்டு, துண்டை 24 மணி நேரம் ஊறவைத்து, மேற்பரப்பில் பளபளக்கும் ஈரத்தை மட்டும் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் தொங்கவிடுங்கள். காய்ந்த நிறை 182 கிராம், ஊறிய நிறை 209 கிராம், தொங்கும்போது தராசில் 101.6 கிராம் என்று வந்தால், கனஅளவு 102 மி.லி., அடர்த்தி 182 ÷ 102 = 1.78. குடித்த தண்ணீர் 27 கிராம், அதாவது துளைகள் ஏறக்குறைய 27 மி.லி. அதைக் கழித்தால் மிச்சம் 75 மி.லி.; மண் பாகத்தின் அடர்த்தி 182 ÷ 75 = 2.43. இரண்டும் சரியான விடைகள்தான், எது எதற்கென்று எழுதிவைக்காவிட்டால் குழப்பம். கட்டட ஜல்லிக்கும் சோதனைக் கூடங்களில் இதே 24 மணி நேர ஊறல்தான்; IS 2386 தர விதியின் மூன்றாம் பகுதி அப்படிச் சொல்கிறது.

கற்கண்டு, கல்லுப்பு, படிகாரம் இவற்றைத் தண்ணீரில் அமிழ்த்த முடியாது. கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவானாலும் சரி, அதில் இவை கரையாது. ஆனால் எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. தராசு காட்டும் எண்ணை எண்ணெயின் அடர்த்தியால் வகுத்தால்தான் கனஅளவு வரும். எண்ணெயின் அடர்த்திக்குப் பாட்டிலைப் புரட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஏற்கெனவே கனஅளவு தெரிந்த நம் ஜல்லிக்கல்லைத் துடைத்துக் காயவைத்து எண்ணெயில் தொங்கவிடுங்கள். 23.6 கிராம் காட்டினால் எண்ணெயின் அடர்த்தி 23.6 ÷ 25.6 = 0.92. பிறகு அதே எண்ணெயில் 30.0 கிராம் நூல் கற்கண்டை, அதன் நூலையே பிடித்துத் தொங்கவிட்டால் 17.4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கனஅளவு 17.4 ÷ 0.92 = 18.9 மி.லி., அடர்த்தி 1.59. எண்ணெயில் குமிழிகள் தண்ணீரில் போல உடனே மேலே வராது. கற்கண்டின் முனைகளுக்கிடையே ஒளிந்திருக்கும். அமிழ்த்தியபின் ஓரிரு நிமிடம் விட்டு, எண் இறங்குவது நின்றபின் எழுதிக்கொள்ளுங்கள்.